அடிகள் முதல் அன்புடையீர் வரை: தமிழ்க் கடிதங்களில் விளியும் முடிப்பும்

சிலப்பதிகாரத்தில் மாதவி கோவலனுக்கு இரண்டு முறை கடிதம் எழுதுகிறாள். முதல் கடிதத்தை அவன் வாங்க மறுத்துவிடுகிறான். இரண்டாவது கடிதத்தைக் கோசிகன் என்னும் அந்தணன் மதுரைக்குப் போகும் வழியில் அவனிடம் சேர்ப்பிக்கிறான். அதில் அவள் கோவலனைப் பெயர் சொல்லி அழைக்கவில்லை. 'அடிகள்' என்று விளித்து, அவர் முன் விழுந்து வணங்குவதாகத் தொடங்குகிறாள். பெரியோர்க்குச் செய்யவேண்டிய பணியையும் விட்டு இரவோடு இரவாக ஊரைவிட்டுப் போகும்படி தான் செய்த பிழை என்ன என்று தெரியவில்லை என்றும், அதனால் கலங்கும் தன் நெஞ்சின் துயரைத் தீர்க்கவேண்டும் என்றும் எழுதி, அவனைப் போற்றி முடிக்கிறாள். கடிதத்தைப் படித்த கோவலனுக்கு அவள்மேல் இருந்த சினம் தணிகிறது. அதன் பிறகு அவன் செய்வதுதான் வியப்பானது. இந்த ஓலையின் வாசகம் தன் பெற்றோருக்கும் பொருந்துகிறது என்று சொல்லி, அதே ஓலையைக் கோசிகனிடம் கொடுத்துத் தாய் தந்தையரிடம் சேர்க்கச் சொல்கிறான்.

காதலி காதலனுக்கு எழுதிய கடிதம் மகன் பெற்றோருக்கு எழுதிய கடிதமாக மாறுகிறது. ஒரு சொல்லைக்கூட மாற்றவேண்டியிருக்கவில்லை. காரணம், அந்த ஓலையில் பெயர் இல்லை. 'அடிகள்' என்ற விளி மட்டுமே இருந்தது. தாழ்ந்து நிற்பவர் உயர்ந்து நிற்பவரை அழைக்கும் சொல் அது. இடையில் உள்ள உறவு காதலா, பிள்ளைப் பாசமா என்பதை அது சொல்லாது. யார் மேலே, யார் கீழே என்பதை மட்டும் சொல்லும்.

கடிதத்தைத் தொடங்கும்போது பெறுநரை அழைக்கும் சொல்லை விளி என்றும், கையொப்பத்துக்கு மேல் எழுதும் சொல்லை முடிப்பு என்றும் பள்ளிப் பாடநூல்கள் சொல்கின்றன. இந்த இரண்டு சொற்களையும் தேர்ந்தெடுக்கும்போது தமிழில் எழுதுபவர் எதைக் கணக்கில் எடுத்துக்கொண்டார், அந்தக் கணக்கு எப்படி மாறியது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

வணக்கம் சொல்லாத அரச ஓலை

அரசர் அனுப்பும் ஓலைக்குத் திருமுகம் என்று பெயர். பிற்காலச் சோழ, பாண்டிய மன்னர்களின் ஆணைகள் கல்வெட்டுகளில் வெட்டப்பட்டிருப்பதால் அவற்றின் அமைப்பு நமக்கு நன்றாகத் தெரிகிறது. முதலில் அனுப்புகிறவர் பெயர் வரும். பல ஆணைகளில் அது 'கோனேரின்மைகொண்டான்' என்ற பொதுப்பட்டமாக இருக்கும். தனக்கு நிகரான வேறு அரசன் இல்லாதவன் என்பது அதன் பொருள். அடுத்து, இன்ன நாட்டார்க்கு, இன்ன கோயில் தானத்தார்க்கு என்று நான்காம் வேற்றுமையில் பெறுநர் வருவார். உடனே செய்தி தொடங்கிவிடும். நலம் விசாரிப்பதோ வணக்கம் சொல்வதோ கிடையாது. முடிவில் 'இவை இன்னான் எழுத்து' என்று அதிகாரிகள் ஒப்பமிடுவார்கள்.

மரியாதை வேறு இடத்தில் இருந்தது. திருமுகம் வந்தபோது நாட்டார் அதைத் தொழுது, வாங்கித் தலைமேல் வைத்துக்கொண்ட செய்தியைப் பல்லவர், சோழர் செப்பேடுகள் சொல்கின்றன. கடிதத்தில் எழுதாத மரியாதையைப் பெற்றவர்கள் உடலால் செய்தார்கள்.

பதினோராம் திருமுறையின் முதற்பாடலான திருமுகப் பாசுரமும் இதே அமைப்பில் இருக்கிறது. பாணபத்திரருக்குப் பொருள் கொடுத்து அனுப்பும்படி மதுரை ஆலவாய் இறைவனே சேரமான் பெருமாளுக்கு எழுதியதாகச் சைவ மரபு கூறும் ஓலை அது. முதலில் அனுப்புகிறவர் தம்மை இன்னார் என்று சொல்கிறார். பிறகு பெறுகிறவரின் பெருமை, அதன் பிறகு ஓலை கொண்டுவருபவர் யார் என்ற விவரம், கடைசியில் செய்யவேண்டியது என்ன என்று வரிசையாகப் போகிறது. இதில் பெறுநரைப் புகழ்கிற பகுதி இருக்கிறது. ஆனாலும் அனுப்புநர்தான் முன்னே நிற்கிறார். யார் பேசுகிறார் என்பது தெரிந்தால்தான் எப்படிக் கேட்கவேண்டும் என்பது தெரியும் என்ற எண்ணம் அதில் இருக்கிறது.

இந்த வேறுபாடு கடிதத்தின் பெயர் வரைக்கும் போனது. மேலிருந்து கீழே வந்தால் திருமுகம், கீழிருந்து மேலே போனால் விண்ணப்பம். சைவ மடங்களின் தலைவர் எழுதுவதைத் திருமுகம் என்றும், பிற மடங்களில் ஸ்ரீமுகம் என்றும் இன்றைக்கும் குறிப்பிடுகிறார்கள். மடத்துக்கு ஒருவர் எழுதினால் அது விண்ணப்பம்தான்.

குடும்பக் கடிதம்: யாருக்கு ஆசி, யாருக்கு நமஸ்காரம்

பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் தமிழ்நாட்டு வீடுகளில் எழுதப்பட்ட கடிதங்களுக்கு ஏறக்குறைய ஒரே வார்ப்பு இருந்தது. தாளின் உச்சியில் பிள்ளையார் சுழி அல்லது அவரவர் சமயத்துக்கு உரிய குறி இருக்கும். இளையவருக்கு எழுதினால் 'சிரஞ்சீவி' என்று பெயரைத் தொடங்கி 'அநேக ஆசீர்வாதம்' என்று எழுதுவார்கள். மூத்தவருக்கு எழுதினால் 'தேவரீர்' என்று விளித்து 'அநேக நமஸ்காரம்' என்பார்கள். அதன்பின் 'இவ்விடம் க்ஷேமம், அவ்விடம் க்ஷேமத்துக்கு எழுதவும்' என்று ஒரு வரி. 'இப்பவும்' என்ற சொல்லோடு செய்தி தொடங்கும். 'இப்படிக்கு' என்று முடியும்.

வடமொழிச் சொற்கள் அதிகம் புழங்காத வீடுகளில் 'நலம், நலமறிய ஆவல்' என்று இருந்தது. சொற்கள் மாறினாலும் கணக்கு ஒன்றுதான். வயதில் மூத்தவர் ஆசி கூறலாம், இளையவர் வணங்கவேண்டும். இதை மாற்றி எழுத முடியாது. வயதில் ஒத்தவருக்கு எழுதும்போதுதான் இந்த வார்ப்பு தடுமாறியது. மூத்தவருமில்லாத, இளையவருமில்லாத, உறவுமில்லாத ஒருவருக்கு எழுத அதில் சொல் இல்லை. அதனால்தான் நண்பர்களும் அண்ணா, தம்பி, மாமா என்று ஏதேனும் ஓர் உறவுமுறைக்குள் ஒருவரை ஒருவர் அடக்கிக்கொண்டு எழுதினார்கள்.

பெண்களின் பெயருக்கு முன் எழுதிய சொல்லில் வேறொன்றும் இருந்தது. மணமான பெண்ணுக்குச் 'சௌபாக்கியவதி' என்று எழுதுவார்கள், சுருக்கமாக 'சௌ.' என்பார்கள். கணவன் உயிரோடு இருக்கும் வரைதான் அந்தச் சொல். கணவன் இறந்த பிறகு வரும் கடிதங்களில் அது இருக்காது. இரங்கல் தெரிவிக்க எழுதிய கடிதத்திலேயே, விளியில் ஒரு சொல் குறைந்திருப்பதை அந்தப் பெண் படிக்கவேண்டியிருந்தது. கடிதம் எழுதியவருக்கு வேறு வழியும் இல்லை. எழுதினால் கேலி, எழுதாவிட்டால் வலி. பின்னால் 'திருமதி' என்ற சொல் பொதுவழக்கில் பரவியபோது அது வெறும் மொழிமாற்றமாகச் சிலருக்குத் தோன்றியிருக்கலாம். கணவன் இருக்கிறானா இல்லையா என்பதை உறையின் மேலேயே பறைசாற்றும் வழக்கத்தையும் அது மெல்ல நீக்கியது என்பது என் கருத்து.

கச்சேரிக்குப் போன கடிதம்

ஆங்கிலேயர் ஆட்சியில் தமிழர் ஒரு புதுவகைப் பெறுநருக்கு எழுதவேண்டி வந்தது. அவர் உறவினர் அல்ல, குருவும் அல்ல, ஊர்ப் பெரியவரும் அல்ல. அவர் முகத்தைக்கூட எழுதுகிறவர் பார்த்திருக்கமாட்டார். அவர் ஒரு பதவி. இன்று மாற்றலாகிப் போனால் நாளை வேறொருவர் அந்த நாற்காலியில் இருப்பார். இப்படிப்பட்டவரை எப்படி அழைப்பது?

தமிழர்கள் முதலில் கையிலிருந்த அரசமரபுச் சொற்களையே எடுத்து நீட்டினார்கள். 'கலெக்டர் துரையவர்கள் சமூகத்துக்கு' என்று மனுக்கள் தொடங்கின. சமூகம் என்றால் இங்கே மக்கள் கூட்டம் அல்ல. சந்நிதானம், முன்னிலை என்று பொருள். மதிப்புள்ள தமிழருக்கு 'மகா ராஜ ராஜ ஸ்ரீ' என்ற அடைமொழி. ஆங்கில ஆவணங்களிலும் இது எம்.ஆர்.ஆர்.ஒய். என்ற நான்கு எழுத்தாகப் பெயருக்கு முன் நின்றது. பெயருக்குப் பின்னால் சாதிப்பட்டமும் 'அவர்கள்' என்பதும் வந்தன. தமிழில் எழுதும்போது இடையில் இருமுறை வரும் 'ராஜ' என்பதை ஒரு சுருக்கக் குறியால் எழுதினார்கள். அந்தக் குறி பார்ப்பதற்கு 'ள' போல இருக்கும். பழைய நூல்களின் முகவுரையில் 'மகா-ள-ள-ஸ்ரீ' என்று கண்டு திகைக்கும் மாணவர்கள் அதை 'மகா ராஜ ராஜ ஸ்ரீ' என்று படிக்கவேண்டும். அரசர்க்கரசர் என்ற பொருளுடைய சொல் குமாஸ்தாவின் பெயருக்கு முன்னும் வந்துவிட்டதால், கொஞ்ச காலத்தில் அதற்கு 'இவர் ஒரு கனவான்' என்பதற்கு மேல் பொருள் இல்லாமல் போயிற்று.

முடிப்புச் சொல்லில் நடந்தது வேறு. அன்றைய சென்னை மாகாண அலுவலகக் கடிதங்கள் 'ஐ ஹேவ் தி ஆனர் டு பி, சார், யுவர் மோஸ்ட் ஒபிடியன்ட் சர்வன்ட்' என்று முடிந்தன. ஆங்கிலேயருக்கு இது தேய்ந்துபோன வாசகம். ஓர் ஆங்கில அதிகாரி தனக்குச் சமமான இன்னோர் அதிகாரிக்கும் இப்படித்தான் எழுதினார். 'சர்வன்ட்' என்று எழுதியதால் அவர் தம்மை வேலைக்காரன் என்று நினைத்துக்கொள்ளவில்லை. அது தமிழில் 'தங்கள் கீழ்ப்படிதலுள்ள ஊழியன்' என்று வந்தபோது தேய்மானம் உடன் வரவில்லை. கீழ்ப்படிதல் என்றால் தமிழில் கீழ்ப்படிதல்தான். ஊழியன் என்றால் ஊழியன்தான். மனு எழுதிய உழவர் அதை எழுத்துக்கு எழுத்து மெய்யாகவே எழுதினார். வாங்கிய அதிகாரியும் அப்படியே எடுத்துக்கொண்டார்.

ஆங்கிலத்தில் தேய்ந்துபோன சொல் தமிழில் உயிரோடு வந்து சேர்வது இந்த ஓர் இடத்தில் மட்டும் நடக்கவில்லை. 'டியர் சார்' என்பதில் உள்ள 'டியர்' அன்பைக் குறிப்பதில்லை. முன்பின் தெரியாதவரையும் கடன் பாக்கி வைத்தவரையும் அப்படியே விளிப்பார்கள். அதை 'அன்புள்ள ஐயா' என்று ஆக்கியபோது, முன்பின் தெரியாத மேலதிகாரியிடம் அன்பு பாராட்டவேண்டியதாயிற்று. முடிப்புகளும் இப்படித்தான் குழம்பின. ஆங்கிலத்தில் பெயர் தெரியாதவருக்கு 'டியர் சார்' என்று தொடங்கினால் 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுலி' என்று முடிக்கவேண்டும். பெயர் சொல்லி விளித்தால் 'யுவர்ஸ் சின்சியர்லி'. தமிழில் இரண்டுக்கும் 'தங்கள் உண்மையுள்ள' என்றே எழுதினார்கள். அரசு அலுவலகங்கள் 'தங்கள் நம்பிக்கையுள்ள' என்ற இன்னொரு மொழிபெயர்ப்பையும் வைத்துக்கொண்டன. தலைமைச் செயலகக் கடிதங்களில் இன்றும் அதைக் காணலாம். இதனால் தெரிந்தவர், தெரியாதவர் என்ற வேறுபாட்டை முடிப்புச் சொல்லால் காட்டும் வசதி தமிழ் அலுவலகக் கடிதத்துக்குக் கிடைக்கவே இல்லை. அந்த வேலையை விளியும் பிரதிப்பெயரும் செய்யவேண்டியிருக்கிறது.

ஒரே கை, நான்கு விளிகள்

இந்த மரபுகள் அனைத்தும் ஒரே காலத்தில் ஒருவர் கையில் எப்படி இருந்தன என்பதற்குப் பாரதியாரின் கடிதங்களைவிட நல்ல சான்று கிடையாது.

1901-இல் காசியிலிருந்து மனைவி செல்லம்மாளுக்கு எழுதிய கடிதத்தில் அவளை 'அருமைக் காதலி' என்று அழைக்கிறார். அதற்கு அடுத்த சொல் 'ஆசீர்வாதம்'. முடிப்பு 'உனதன்பன்'. மூன்று சொல்லுக்குள் இரண்டு உலகங்கள் இருக்கின்றன. காதலியையும் அன்பனையும் சமமாக நிறுத்தும் புதிய சொற்களுக்கு நடுவே, கணவன் மனைவிக்கு ஆசி கூறும் பழைய வார்ப்பு அப்படியே நிற்கிறது. இருபது வயதைத் தொடாத அந்த இளைஞருக்கு அது முரணாகத் தோன்றியிருக்காது. கடிதம் என்றால் விளிக்கு அடுத்து நமஸ்காரமோ ஆசீர்வாதமோ வரவேண்டும், அவ்வளவுதான்.

பரலி சு. நெல்லையப்பருக்கு எழுதும்போது அவர் 'தம்பி'. இரத்த உறவு கிடையாது; இருவரும் பத்திரிகைத் தொழிலிலும் விடுதலை இயக்கத்திலும் கூட்டாளிகள். நெருங்கிய தோழமையைச் சொல்ல உறவுமுறைச் சொல்தான் கைகொடுத்திருக்கிறது.

1918 நவம்பரில் புதுச்சேரியிலிருந்து வெளியேறியபோது கைதாகிக் கடலூர்ச் சிறையில் இருந்த பாரதியார், விடுதலை வேண்டிச் சென்னை மாகாண ஆளுநர் பென்ட்லண்ட் பிரபுவுக்கு ஆங்கிலத்தில் விண்ணப்பம் அனுப்பினார். அது அந்தக் காலத்து விண்ணப்பங்களுக்கு உரிய முறைப்படி, 'எக்ஸலன்ஸி' என்ற விளியோடும் தம்மைக் கீழ்ப்படிதலுள்ள ஊழியராகச் சொல்லும் முடிப்போடும் அமைந்தது. இதைக் கொண்டு பாரதி பணிந்துவிட்டார் என்று வாதிடுபவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர் விண்ணப்பத்தில் என்ன உறுதி கொடுத்தார் என்பதைப் பற்றி வாதிடலாம். ஆனால் முடிப்புச் சொல்லை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. அந்த வாசகம் இல்லாத மனுவை அன்றைய அலுவலகத்துக்கு யாரும் எழுதமாட்டார்கள்.

அடுத்த ஆண்டு, 1919-இல், எட்டயபுரம் ஜமீன்தாருக்கு அவர் சீட்டுக்கவி எழுதுகிறார். பொருள் வேண்டிப் புலவர்கள் வள்ளல்களுக்கு எழுதும் செய்யுட் கடிதம் சீட்டுக்கவி. இதன் தலைப்பில் பூபதிக்கு உரிய பட்டங்கள் எல்லாம் வருகின்றன. 'சமூகத்துக்கு' என்ற பழைய சொல்லும் வருகிறது. அதற்குப் பக்கத்திலேயே எழுதுகிறவர் தம் பெயருக்கு முன் 'கவிராஜ' என்று போட்டுக்கொள்கிறார். பெறுநர் ராஜன் என்றால் அனுப்புநரும் ஒரு ராஜன். ஆளுநருக்கு எழுதும்போது மரபு அனுமதிக்காத இந்தச் சமநிலையைச் சீட்டுக்கவி என்ற பழைய வடிவம் அனுமதித்தது. இது வெறும் துணிச்சல் அல்ல. சீட்டுக்கவியில் புலவன் தன்னைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வது பழைய வழக்கம். அதை அவர் தெரிந்து பயன்படுத்தினார்.

சமமானவருக்கு ஒரு சொல்

1929-இல் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாடு பெயருக்குப் பின்னால் வரும் சாதிப்பட்டத்தை விடவேண்டும் என்று தீர்மானித்தது. 1932-இல் ஐரோப்பிய, சோவியத் பயணத்திலிருந்து திரும்பிய பெரியார், மகா ராஜ ராஜ ஸ்ரீ, திருவாளர் போன்ற அடைமொழிகளை விட்டு எல்லோரையும் 'தோழர்' என்று குறிப்பிடும்படி இயக்கத்தினரைக் கேட்டுக்கொண்டார். வயது, சாதி, பதவி, ஆண், பெண் எதையும் சொல்லாத ஒரு விளி இது. பழைய வார்ப்பில் இல்லாதிருந்த இடம் இப்படி நிரம்பியது. அதே காலத்தில் தனித்தமிழ் இயக்கத்தின் செல்வாக்கால் நமஸ்காரம் 'வணக்கம்' ஆயிற்று. நமஸ்காரத்தை இளையவர்தான் மூத்தவருக்குச் சொல்லவேண்டும்; வணக்கத்தை யாரும் யாருக்கும் சொல்லலாம் என்று ஆனது.

'தோழர்' இயக்கங்களுக்கும் தொழிற்சங்கங்களுக்கும் வெளியே அதிகம் பரவவில்லை. அரசியல் கடிதத்திலேயே உறவுமுறை விரைவில் திரும்பி வந்துவிட்டது. அண்ணாதுரை 1955 முதல் தம் ஏட்டில் எழுதிய கடிதங்கள் 'தம்பி'க்கு. கருணாநிதி முரசொலியில் எழுதியவை 'உடன்பிறப்பு'க்கு. மு. வரதராசனார் அன்னைக்கு, தம்பிக்கு, தங்கைக்கு, நண்பர்க்கு என்று கடித நூல்களே எழுதினார். முகம் தெரியாத ஆயிரக்கணக்கானவரை அழைக்கத் தமிழருக்கு மிக இயல்பாகக் கிடைத்தது குடும்பச் சொல்தான் என்பது இதிலிருந்து தெரிகிறது.

அலுவலகத்தில் நிலைத்தது நடுவழி. 1967-இல் ஆட்சிக்கு வந்த அண்ணாதுரை அமைச்சரவை ஸ்ரீ, ஸ்ரீமதி, குமாரி என்பவற்றுக்குப் பதிலாகத் திரு, திருமதி, செல்வி என்று எழுதச் செய்தது. அதுதான் இன்றைய வழக்கு. உயர் பதவிகளுக்குத் தனி அடைமொழிகள் தொடர்கின்றன. அமைச்சர்களுக்கும் நீதியரசர்களுக்கும் 'மாண்புமிகு' என்று எழுதுவது வழக்கம். ஆளுநருக்கு 'மேதகு' என்றும் மாநகராட்சி மேயருக்கு 'வணக்கத்திற்குரிய' என்றும் முன்பு எழுதிவந்தார்கள். இவை ஆளுக்கு உரியவை அல்ல, நாற்காலிக்கு உரியவை. பதவிக்காலம் முடிந்தவுடன் அடைமொழியும் போய்விடும்.

இன்றைய அலுவலகத் தாள்களில் ஒன்றைக் கவனிக்கலாம். மேலதிகாரி கீழுள்ளவருக்கு அனுப்பும் குறிப்பாணையிலும் செயல்முறை ஆணையிலும் விளியே இருக்காது. எண், நாள், பொருள், செய்தி, கையொப்பம், அவ்வளவுதான். கோனேரின்மைகொண்டானின் ஓலையும் அப்படித்தான் இருந்தது. ஓர் அதிகாரி இன்னோர் அதிகாரியைத் தனிப்பட்ட முறையில் கேட்டுக்கொள்ள விரும்பினால் நேர்முகக் கடிதம் எழுதுவார். அதில் மட்டும் பெயர் சொல்லும் விளியும் அன்பும் உண்டு.

ஒரு செய்தி, மூன்று கடிதங்கள்

இனி ஒரு மாதிரியை எடுத்துக்கொள்வோம். ஒரு கல்லூரி வரலாற்று ஆசிரியர், தம் ஊரின் பத்தொன்பதாம் நூற்றாண்டு நிலவரி ஆவணங்களைச் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் பார்க்க விரும்புகிறார். அதற்காக மூன்று பேருக்கு எழுதுகிறார்.

முதலாவது, உடன் பணியாற்றும் நெருங்கிய நண்பருக்கு:

'அன்புள்ள குமார், நலந்தானே? போன ஆண்டு நீ எழும்பூர்க் காப்பகத்துக்குப் போனபோது என்னென்ன தாள் கேட்டார்கள்? ஒரு வரி எழுது. மற்றவை நேரில். அன்புடன்' என்று எழுதி, கீழே பெயர் மட்டும்.

இங்கே 'நீ' என்பது விளியோடு பொருந்துகிறது. 'நீங்கள்' என்று பழகியவராக இருந்தால் 'அன்புள்ள நண்பருக்கு' என்று தொடங்கி 'எழுதுங்கள்' என்று முடிப்பார். 'இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள' என்று இந்தக் கடிதத்தை முடித்தால் குமார் ஏதோ மனத்தாங்கல் என்று நினைத்துக்கொள்வார். நெருக்கமானவரிடம் மரியாதை கூடிவிட்டால் அது விலகலாகத்தான் படும்.

இரண்டாவது, தமக்கு முன்பு ஆய்வு வழிகாட்டியாக இருந்த மூத்த பேராசிரியருக்கு:

'மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். தாங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நிலவரி ஆவணங்களைப் பார்க்க விண்ணப்பிக்க இருக்கிறேன். தாங்கள் ஓர் அறிமுகக் கடிதம் தந்தால் உதவியாக இருக்கும். பணிவன்புடன்' என்று எழுதி, கீழே பெயர்.

'பணிவன்புடன்' என்பதை நம் வழக்கில் விளைந்த நல்ல சொல் என்பேன். பணிவும் இருக்கிறது, அன்பும் இருக்கிறது. தெரிந்த மூத்தவருக்கு இரண்டும் வேண்டும். நலம் விசாரிக்கும் வரியும் இங்கே இடம் பெறலாம், முன்பே பழக்கம் இருப்பதால். ஆனால் இவருக்கு 'வாழ்த்துகளுடன்' என்று முடிக்கக்கூடாது. ஆசியும் வாழ்த்தும் மேலிருந்து கீழே வருபவை என்ற பழைய கணக்கு தமிழர் செவியில் இன்னும் இருக்கிறது. பிறந்தநாளுக்குக்கூட 'வாழ்த்த வயதில்லை, வணங்குகிறேன்' என்று சொல்பவர்களை நாள்தோறும் பார்க்கிறோம்.

மூன்றாவது, முன்பின் தெரியாத காப்பக ஆணையருக்கு. இதில் அனுப்புநர், பெறுநர் விவரம் முதலில் வரும். பெறுநரின் பெயரை எழுதாமல் 'ஆணையர் அவர்கள்' என்று பதவியை எழுதுவதே நல்லது. நடுவில் ஆள் மாறினாலும் கடிதம் போய்ச் சேரும். பிறகு:

'மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர், பொருள்: நிலவரி ஆவணங்களைப் பார்வையிட அனுமதி வேண்டுதல். நான் இன்ன கல்லூரியில் வரலாற்று ஆசிரியராகப் பணியாற்றுகிறேன். இன்ன ஆண்டுகளுக்குரிய ஆவணங்களைப் பார்வையிட அனுமதி வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள' என்று எழுதி, கையொப்பத்துக்குக் கீழே பெயர், பதவி.

இந்தக் கடிதத்தில் நலம் விசாரிக்கக்கூடாது. அன்பைச் சொல்லவும் வேண்டாம். விளி முடிந்ததும் தாம் யார் என்று சொல்லவேண்டும். திருமுகம் அனுப்புநரை முன்னே வைத்தது அதிகாரத்தைக் காட்ட. இங்கே அதே விவரம் முன்னே வருவது, கேட்பவரைத் தெரியாத ஆணையர் அடுத்த வரியைப் படிப்பதற்கு அது வேண்டும் என்பதால். பெறுநர் ஆணா பெண்ணா என்று தெரியாதபோது 'ஐயா' என்று மட்டும் எழுதுவது நெடுநாள் பழக்கம். இப்போது பல அலுவலகங்களின் தலைமையில் பெண்கள் இருக்கும்போது அது பிழையாகவே முடியும். சாய்கோடு பிடிக்காதவர்கள் 'அன்புடையீர்' என்று எழுதுகிறார்கள். ஆண்பால் பெண்பால் இல்லாத, ஒருவருக்கும் பலருக்கும் பொருந்துகிற சொல் அது. அழைப்பிதழ்களிலும் சுற்றறிக்கைகளிலும் வந்து வந்து அதிலுள்ள 'அன்பு' பெரும்பாலும் தேய்ந்துவிட்டது. ஆங்கிலத்தின் 'டியர்' பெற்ற தேய்மானத்தை இந்த ஒரு தமிழ்ச் சொல்தான் பெற்றிருக்கிறது என்று நினைக்கிறேன்.

இலங்கைத் தமிழர் 'இப்படிக்கு' என்று எழுதும் இடத்தில் 'இங்ஙனம்' என்று எழுதுவார்கள். பொருள் ஒன்றே. எந்த நாட்டு அலுவலகத்துக்கு எழுதுகிறோமோ அந்த நாட்டு வழக்கை எழுதுவது பொருத்தம்.

இந்த மூன்றாவது கடிதத்தில் பிழைகள் பெரும்பாலும் இரண்டு இடங்களில் வருகின்றன. ஒன்று, விளியில் தொடங்கிய மரியாதை நடுவில் நழுவுவது. 'தாங்கள்' என்று தொடங்கி, மூன்றாவது வரியில் 'உங்கள் அலுவலகத்தில்' என்று இறங்கி, முடிவில் 'தங்கள்' என்று ஏறும் கடிதங்கள் ஏராளம். நீ, நீங்கள், தாங்கள் என்ற மூன்றில் எதை எடுத்தாலும் வினைமுற்று வரைக்கும் அதையே கொண்டுபோகவேண்டும். எழுதி முடித்தபின் இந்தப் பிரதிப்பெயர்களை மட்டும் விரலால் தொட்டுக்கொண்டே ஒருமுறை படித்தால் நழுவிய இடம் தெரிந்துவிடும்.

மற்றொன்று, 'தங்கள் கீழ்ப்படிதலுள்ள' என்பது. பள்ளியில் விடுப்பு விண்ணப்பம் எழுதக் கற்றபோது மனத்தில் பதிந்த வாசகம் இது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறைகளில் இதை எழுதிப் போட்டவர்களில் நானும் ஒருவன். அதில் 'ப்' விடுபடுவதற்கு மதிப்பெண் குறைத்திருக்கிறேனே தவிர, இதை யாருக்கு எழுதவேண்டும் என்று சொல்லிக்கொடுக்கத் தவறிவிட்டேன். மாணவர் தலைமையாசிரியருக்கு எழுதலாம். பணியாளர் தம் மேலதிகாரிக்கு எழுதலாம். அங்கே கீழ்ப்படிதல் என்ற உறவு உண்மையில் இருக்கிறது. ஆனால் குடிநீர் இணைப்பு கேட்டு மாநகராட்சிக்கு எழுதும் குடிமகனுக்கும், ஆவணம் கேட்டு ஆணையருக்கு எழுதும் ஆசிரியருக்கும் அந்த உறவு கிடையாது. அவர்கள் 'தங்கள் உண்மையுள்ள' என்று எழுதினால் போதும்.